நோட்டரி சீல்... யாருக்கு வேணும், யாருக்கு வேண்டாம்?

வெளிநாட்டுப் படிப்புக்கு அப்ளை பண்ணப் போறீங்களா? அப்படியென்றால் இந்த வசனம் உங்கள் காதில் கட்டாயம் விழுந்திருக்கும். "எதுக்குத் தம்பி ரிஸ்க்? எல்லா சர்டிஃபிகேட்டையும் டிரான்ஸ்லேட் பண்ணி, எல்லாத்துலயும் ஒரு நோட்டரி போட்டு வெச்சுக்கோங்க!" சொன்னவர் கோர்ட் வாசலில் உட்கார்ந்திருக்கும் டைப்பிஸ்ட்டாக இருக்கலாம், ஜெராக்ஸ் கடை அண்ணனாக இருக்கலாம், ஏற்கெனவே ஃப்ளைட் ஏறிப் போன சீனியராகவும் இருக்கலாம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அட்வைஸ் பாதி நேரம் வீண் செலவு, மீதி நேரம் தப்பான பாதுகாப்பு.

வீண் செலவு ஏன்? நோட்டரியே கேட்காத நாட்டுக்கு நோட்டரி போட்டு அனுப்புகிறோம். தப்பான பாதுகாப்பு ஏன்? "அதான் சீல் இருக்கே!" என்று நிம்மதியாக இருந்துவிட்டு, உண்மையில் கேட்ட வேறொரு பேப்பரை வைக்காமல் விட்டுவிடுகிறோம். அந்த ஒரு பேப்பருக்காக ஃபைல் திரும்பி வந்தால், செப்டம்பர் அட்மிஷன் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும். ஆகவே சீல் குத்துவதற்கு முன்னால் கொஞ்சம் நிதானமாக யோசிப்போம்.

முதல் கேள்வி: மொழிபெயர்க்கவே வேணுமா?

உங்கள் சர்டிஃபிகேட் ஃபைலை எடுத்து மேசையில் பரப்புங்கள். நம்ம ஊர் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பாருங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்தே அச்சடித்திருப்பார்கள். காலேஜ் செமஸ்டர் மார்க் ஷீட் பெரும்பாலும் ஆங்கிலம்தான். பட்டச் சான்றிதழிலும் பொதுவாகத் தமிழோடு ஆங்கிலமும் இருக்கும். ஆங்கிலத்தை ஏற்றுக்கொள்ளும் நாட்டுக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போகிறீர்கள் என்றால், இவை எதையும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. ஆங்கிலத்தில் இருப்பதை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்க முடியாது இல்லையா?

அப்போ சிக்கல் எங்கே? தமிழில் மட்டும் இருக்கும் காகிதங்களில். கிராமத்துப் பள்ளியில் கையால் எழுதிக் கொடுத்த மாற்றுச் சான்றிதழ், பேரூராட்சியில் அந்தக் காலத்தில் வாங்கிய பிறப்புச் சான்றிதழ், கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்ததற்கான அனுபவச் சான்றிதழ், அப்பா பெயரில் இருக்கும் பட்டா, கிரையப் பத்திரம்... இப்படி.

இவற்றிலும் இரண்டு முறை வடிகட்டலாம். ஒன்று, இந்தக் காகிதத்தை அவர்கள் கேட்டார்களா? மாற்றுச் சான்றிதழ் நமக்குக் காலேஜ் காலேஜாக உயிர் நாடி. ஆனால் வெளிநாட்டு விண்ணப்பப் பட்டியலில் அது பெரும்பாலும் இருக்காது. கேட்காததை மொழிபெயர்த்து வைப்பதால் மார்க் ஏறப்போவதில்லை.

இரண்டாவது, அதைக் கொடுத்த ஆபீஸே ஆங்கிலத்தில் கொடுக்குமா? பழைய பிறப்புச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால், பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்தில் புதிய நகல் கேட்டு விண்ணப்பியுங்கள். இப்போது தரும் படிவத்தில் தமிழும் ஆங்கிலமும் இருக்கும். வேலை பார்த்த கம்பெனி இன்னும் நடக்கிறது என்றால், அதே அனுபவச் சான்றிதழை ஆங்கிலத்தில், லெட்டர்ஹெட்டில் புதிதாக வாங்கிவிடலாம். சான்றிதழைக் கொடுத்தவரே ஆங்கிலத்தில் கொடுத்துவிட்டால் அது மொழிபெயர்ப்பே இல்லை, ஒரிஜினல். அதைவிட வலுவான மொழிபெயர்ப்பு உலகத்தில் கிடையாது.

இந்த இரண்டு வடிகட்டலுக்குப் பிறகும் தட்டில் என்ன மிஞ்சுகிறதோ, அதற்குத்தான் மொழிபெயர்ப்பு.

நோட்டரி உண்மையில் என்ன சொல்கிறார்?

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். நோட்டரி சீல் இருந்தால் "இந்த மொழிபெயர்ப்பு சரி" என்று அரசாங்கமே சொன்ன மாதிரி நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை.

ஒரு மொழிபெயர்ப்பில் பொதுவாக இரண்டு பேருடைய வார்த்தை இருக்கலாம். முதல் ஆள் மொழிபெயர்ப்பாளர். "எனக்கு இந்த இரண்டு மொழியும் தெரியும், மூலத்தில் உள்ளதை முழுமையாக, சரியாக மொழிபெயர்த்திருக்கிறேன்" என்று எழுதி, பெயர் போட்டு, தேதி போட்டு, கையெழுத்துப் போடுகிறார். இதற்குத்தான் 'சர்டிஃபைடு டிரான்ஸ்லேஷன்' என்று பெயர். சான்று கொடுப்பவர் மொழிபெயர்ப்பாளர், நோட்டரி அல்ல.

இரண்டாவது ஆள் நோட்டரி. அந்த மொழிபெயர்ப்பாளர் நோட்டரி முன்னால் வந்து, "நான் சொன்னது உண்மை" என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போடுகிறார். அதை நோட்டரி பார்த்து, தன் சீலைப் போடுகிறார். அதாவது "இந்த ஆள், இந்தத் தேதியில், என் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார்" என்பதற்குத்தான் அந்த சீல் சாட்சி. உள்ளே இருக்கும் 'தேர்ச்சி' என்ற வார்த்தையைச் சரியாக மொழிபெயர்த்திருக்கிறார்களா என்பதற்கு அல்ல.

இதில் ஒரு சின்ன விசேஷம் உண்டு. நம்ம நாட்டு 1952-ம் வருட நோட்டரி சட்டத்தின் 8-வது பிரிவு, நோட்டரி செய்யக்கூடிய வேலைகளின் பட்டியலைத் தருகிறது. பிரமாணம் செய்து வைப்பது, உறுதிமொழிப் பத்திரம் வாங்குவது ஆகியவற்றோடு, ஓர் ஆவணத்தை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மொழிபெயர்ப்பதும், மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பதும்கூட அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே ஒரு நோட்டரி தானே மொழிபெயர்த்துத் தந்தால் அது சட்டத்துக்குப் புறம்பானது இல்லை. ஆனால் 'நோட்டரி டிரான்ஸ்லேட்டர்' என்று தனியாக ஒரு பதவியோ, அதற்கென்று பரீட்சையோ கிடையாது.

அதேபோல "கவர்ன்மென்ட் அப்ரூவ்டு டிரான்ஸ்லேட்டர்" என்று போர்டு பார்த்தால், "எந்த கவர்ன்மென்ட், எந்த லிஸ்ட்?" என்று கேளுங்கள். ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் இருப்பதுபோல, சத்தியப்பிரமாணம் எடுத்துப் பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கென்று நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு பட்டியல் இந்தியாவில் இல்லை.

முடிவு பண்றது நீங்க இல்ல... வாங்குறவங்க!

நோட்டரி வேணுமா, வேண்டாமா என்பது உங்கள் சர்டிஃபிகேட்டைப் பொறுத்தது இல்லை. அதை வாங்கிப் படிக்கப் போகிறவரைப் பொறுத்தது. ஒரே சர்டிஃபிகேட்டை மூன்று இடத்துக்கு அனுப்பினால், மூன்று விதமாகக் கேட்கலாம்.

பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, ஆங்கிலத்திலோ வெல்ஷ் மொழியிலோ இல்லாத ஆவணத்துக்கு முழு மொழிபெயர்ப்பு கேட்பார்கள். அதில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதி, மொழிபெயர்த்த தேதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப் பெயரும் கையெழுத்தும், தொடர்பு கொள்ள முகவரி விவரம். அவ்வளவுதான். நோட்டரி என்ற பேச்சே இல்லை. ஆனால் நோட்டரி சீல் ஜோராக இருந்து, மொழிபெயர்ப்பாளரின் தொடர்பு விவரம் இல்லாமல் போனால், அது குறைபாடுள்ள மொழிபெயர்ப்புதான்!

அமெரிக்கக் குடியேற்றத் துறையின் விதியும் இதே சாயல். மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது, இந்த மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்க எனக்குத் தகுதி இருக்கிறது என்று மொழிபெயர்ப்பாளர் சான்று எழுத வேண்டும். நோட்டரி கட்டாயம் இல்லை. ஆனால் அட்மிஷன் கேட்கும் யுனிவர்சிட்டி தனியாக ஒரு விதி வைத்திருக்கலாம். விசா ஆபீஸ் விதி வேறு, அட்மிஷன் ஆபீஸ் விதி வேறு. இரண்டையும் தனித்தனியாகப் படியுங்கள்.

ஆஸ்திரேலியா கொஞ்சம் வித்தியாசம். அந்த நாட்டுக்குள் மொழிபெயர்த்தால், நாட்டி என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்றவர் செய்ய வேண்டும். வெளிநாட்டில் மொழிபெயர்த்தால் அந்த அங்கீகாரம் கட்டாயம் இல்லை. பதிலாக, மொழிபெயர்ப்பாளர் தன் முழுப் பெயர், முகவரி, தொலைபேசி எண், அந்த மொழியில் தனக்குள்ள தகுதியும் அனுபவமும் என்ன என்பதை எழுதித் தர வேண்டும். இங்கேயும் நோட்டரி ஹீரோ இல்லை.

ஜெர்மனி, ஸ்பெயின் கதை வேறு. அங்கே கேட்பது 'சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்'. ஜெர்மனியில் இவர்களை நீதிமன்றங்கள் நியமிக்கின்றன. justiz-dolmetscher.de என்ற தளத்தில் மொழியைத் தேர்ந்தெடுத்துத் தேடலாம். ஸ்பெயினில் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகம் நியமிக்கிறது. இவர்கள் சீலுக்கு அந்த நாட்டில் சட்ட மதிப்பு உண்டு, மேலே இன்னொரு நோட்டரி தேவையில்லை. நம்ம ஊர் நோட்டரி சீல் போட்ட சாதாரண மொழிபெயர்ப்பு இதற்கு மாற்று ஆகாது. அதே சமயம் டென்ஷன் வேண்டாம். ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பொதுவாக ஆங்கிலத்தில் உள்ள மார்க் ஷீட்டை அப்படியே ஏற்றுக்கொள்கின்றன.

அப்படியானால் நோட்டரி கட்டாயம் தேவைப்படுகிற இடமே இல்லையா? இருக்கிறது. நம்ம பசங்க நிறையப் பேர் போகும் நாடுதான். கனடா!

கனடா: இங்கே சத்தியம் பண்ணியே ஆகணும்

கனடா குடியேற்றத் துறைக்கு ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இல்லாத ஆவணத்தை அனுப்பினால், இரண்டு வழி உண்டு.

ஒன்று, சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர். அதாவது தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் சங்கத்தில் முறையான உறுப்பினராக இருந்து, உறுப்பினர் எண் உள்ள முத்திரையைப் போடக்கூடியவர். ஒன்டாரியோ போன்ற மாகாணங்களில் இதற்கான சங்கங்கள் இருக்கின்றன. இவர் முத்திரை போட்டால் சத்தியப் பத்திரம் தேவையில்லை.

இரண்டாவது வழிதான் நம்ம ஊரிலிருந்து பெரும்பாலானவர்கள் போகும் வழி. அப்படிப்பட்ட முத்திரை இல்லாத ஒருவர் மொழிபெயர்த்தால், அவர் ஓர் உறுதிமொழிப் பத்திரம், அதாவது அஃபிடவிட் கொடுக்க வேண்டும். தன் நாட்டில் பிரமாணம் செய்துவைக்க அதிகாரம் உள்ளவர் முன்னால் அதைச் செய்ய வேண்டும். நம்ம ஊரில் அது நோட்டரி. ஆக, இங்கே நோட்டரி அலங்காரத்துக்கு இல்லை. மொழிபெயர்ப்பாளரின் சத்தியத்துக்குச் சாட்சி.

இன்னொரு விதியைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். நீங்களே மொழிபெயர்க்கக் கூடாது. அப்பா, அம்மா, கார்டியன், அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, கணவர், மனைவி, தாத்தா, பாட்டி, மாமா, அத்தை, சித்தப்பா, சித்தி, ஒன்றுவிட்ட சகோதரர்கள்... யாரும் கூடாது. "எங்க சித்தி இங்கிலீஷ் லெக்சரர், அவங்களே எழுதித் தருவாங்க" என்றால் சாரி, செல்லாது. சித்தி எவ்வளவு பெரிய படிப்பு படித்திருந்தாலும் உறவு உறவுதான்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம்

தேனி பக்கத்து மாணவி ஒருவர், பெயர் கயல்விழி என்று வைத்துக்கொள்வோம். பி.காம் முடித்து, ஊரில் ஒரு கூட்டுறவு சங்கத்தில் இரண்டு வருஷம் கணக்கு பார்த்தார். இப்போது கனடாவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்து, ஸ்டடி பர்மிட்டுக்கு விண்ணப்பிக்கிறார். ஃபைலில் பதினோரு காகிதம்.

பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட் இரண்டும் இருமொழி. ஆறு செமஸ்டர் மார்க் ஷீட்டும் ஆங்கிலம். பட்டச் சான்றிதழ் இருமொழி. ஆக ஒன்பது காகிதம் ஒதுங்கிவிட்டது. பத்தாவது மாற்றுச் சான்றிதழ், தமிழில் இருக்கிறது, ஆனால் பட்டியலில் கேட்கவில்லை. அதையும் ஒதுக்கியாச்சு.

மிச்சம் ஒன்று. கூட்டுறவு சங்கத்தின் அனுபவச் சான்றிதழ். படிப்பு முடிந்த பிறகு இரண்டு வருஷம் என்ன செய்தார் என்பதற்கு அதுதான் ஆதாரம், விட முடியாது. ஆங்கிலத்தில் புதிதாக வாங்கலாம் என்றால், கையெழுத்துப் போட்ட செயலாளர் ரிட்டயர் ஆகிவிட்டார், புதியவர் பழைய தேதிக்கு எழுதித் தர மறுக்கிறார். சரி, மொழிபெயர்ப்புதான் வழி.

கயல்விழி உறவுக்காரர் இல்லாத ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் போகிறார். ஒரிஜினலையே கொண்டுபோய்க் காட்டுகிறார், பாஸ்போர்ட் முதல் பக்க நகலையும் கொடுக்கிறார். அது எதற்கு என்று கீழே சொல்கிறேன். மொழிபெயர்ப்பாளர் முழுச் சான்றிதழையும், மேலே இருக்கும் சங்கத்தின் பெயரிலிருந்து கீழே இருக்கும் ரப்பர் ஸ்டாம்ப் வரை, ஆங்கிலத்தில் டைப் செய்கிறார்.

அடுத்து உறுதிமொழிப் பத்திரம். அதில் மொழிபெயர்ப்பாளரின் பெயர், முகவரி, "எனக்குத் தமிழும் ஆங்கிலமும் நன்றாகத் தெரியும், இணைத்துள்ள மொழிபெயர்ப்பு இணைத்துள்ள மூலத்துக்கு உண்மையானது, சரியானது" என்ற வாசகம், எந்த ஆவணம் என்ற விவரம். 'அனுபவச் சான்றிதழ்' என்று மொட்டையாக எழுதாமல், எந்தச் சங்கம் கொடுத்தது, என்ன எண், என்ன தேதி என்று குறிப்பிட வேண்டும். இல்லையென்றால் அந்தச் சத்தியம் எந்தக் காகிதத்துக்கு என்றே தெரியாது.

பிறகு நோட்டரியிடம் போக வேண்டியது யார்? கயல்விழி இல்லை, மொழிபெயர்ப்பாளர்! சத்தியம் செய்வது அவர். நிறைய இடத்தில் மாணவரே போய், தானே கையெழுத்துப் போட்டு, "என் சான்றிதழின் மொழிபெயர்ப்பு சரியானது" என்று அஃபிடவிட் வாங்கி வந்துவிடுகிறார். சீல் அழகாக இருக்கும். ஆனால் சத்தியம் செய்த ஆள் தப்பு. அந்த ஃபைல் தேறாது. மொழிபெயர்ப்பாளரே நோட்டரியாகவும் இருந்தால், அவர் தன் சத்தியத்துக்குத் தானே சாட்சி ஆக முடியாது. இன்னொரு நோட்டரி முன்னால்தான் அவர் சத்தியம் செய்ய வேண்டும்.

கடைசியில் கயல்விழி அப்லோட் செய்வது ஒரே பி.டி.எஃப். முதலில் தமிழ் ஒரிஜினலின் ஸ்கேன், அடுத்து ஆங்கில மொழிபெயர்ப்பு, அதற்கடுத்து உறுதிமொழிப் பத்திரம். ஒரிஜினலைப் பார்க்காமல், சான்றளித்த நகலை வைத்து மொழிபெயர்த்திருந்தால், அந்த நகலை ஸ்கேன் செய்ய வேண்டும். மொழிபெயர்ப்பை மட்டும் அனுப்பிவிட்டு தமிழ்ப் பக்கத்தை விட்டுவிடுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கும் தவறு. "அவங்களுக்குத்தான் தமிழ் தெரியாதே!" என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். தெரியாவிட்டாலும், எதை மொழிபெயர்த்தீர்கள் என்று அவர்கள் பார்த்தாக வேண்டும்.

பதினோரு காகிதத்துக்கும் நோட்டரி என்று கிளம்பிய விஷயம், ஒரே காகிதத்தில் முடிந்தது பார்த்தீர்களா?

ராசுவா, ராஜா?

மொழிபெயர்ப்பு கைக்கு வந்ததும் மூன்று இடத்தை உற்றுப் பாருங்கள். தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான்.

முதல் இடம் பெயர். கயல்விழியின் 'ழ'வுக்கு ஆங்கிலத்தில் 'இசட்ஹெச்' போடுவதா, 'எல்' போடுவதா? இது வெறும் எழுத்துக்கூட்டல் விஷயம். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே போட வேண்டும். பாஸ்போர்ட் நகலை முதலிலேயே கொடுக்கச் சொன்னது இதற்குத்தான்.

ஆனால் சான்றிதழில் 'செல்வராசு அவர்களின் மகள்' என்று இருக்கிறது, பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் 'செல்வராஜ்'. இது எழுத்துக்கூட்டல் இல்லை, எழுத்தே வேறு. இங்கே மொழிபெயர்ப்பாளர் 'ராஜ்' என்று திருத்தி எழுதக் கூடாது. மூலத்தில் 'ராசு' என்றால் மொழிபெயர்ப்பிலும் 'ராசு'தான். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதை விளக்கும் வேலை உங்களுடையது. முடிந்தால் சான்றிதழைக் கொடுத்த இடத்தில் திருத்தம் வாங்குங்கள், முடியாவிட்டால் அதற்கென்று தனியாக ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுங்கள். பெயர் சரியில்லை என்று மொழிபெயர்ப்பிலேயே கைவைத்தால், சரிபார்க்கிறவர் கண்ணுக்கு அது மோசடி மாதிரி தெரியும்.

இனிஷியலும் இப்படித்தான் வம்பு பண்ணும். தமிழில் 'செ' என்று இருப்பதை ஒருவர் 'எஸ்' என்று எழுதுவார், இன்னொருவர் 'எஸ்.இ' என்று இரண்டெழுத்தாக எழுதுவார். உங்கள் மற்ற ஆங்கிலச் சான்றிதழ்களில் எது இருக்கிறதோ அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது இடம் முத்திரை. எழுத்தை எல்லாம் மொழிபெயர்த்துவிட்டு, நீல மசியில் வட்டமாக இருக்கும் 'தலைமை ஆசிரியர், அரசு மேல்நிலைப் பள்ளி' ஸ்டாம்ப்பை விட்டுவிடுவார்கள். ஆங்கிலமோ பிரெஞ்சோ அல்லாத முத்திரைகளையும் மொழிபெயர்க்க வேண்டும் என்று கனடா விதி தெளிவாகவே சொல்கிறது. சான்றிதழின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள், அங்கேயும் ஒரு ஸ்டாம்ப் ஒளிந்திருக்கலாம். நல்ல மொழிபெயர்ப்பில், மூலத்தில் ஸ்டாம்ப் இருக்கும் இடத்தில் 'வட்ட முத்திரை' என்று குறித்து அதன் வாசகத்தையும், கையெழுத்து இருக்கும் இடத்தில் 'கையொப்பம்' என்றும் போட்டிருப்பார்கள். மசி அழிந்துபோய்ப் படிக்க முடியவில்லை என்றால், 'படிக்க இயலவில்லை' என்றே எழுத வேண்டும். ஊகித்து நிரப்பக் கூடாது.

மூன்றாவது இடம் மார்க். தமிழ் மூலத்தில் 'முதல் வகுப்பு' என்றால் ஆங்கிலத்தில் 'ஃபர்ஸ்ட் கிளாஸ்'. அதை 'ஏ கிரேடு' என்றோ, நான்குக்கு மூன்றரை என்று ஜி.பி.ஏ கணக்கிலோ மாற்றினால், அது மொழிபெயர்ப்பு இல்லை, மதிப்பீடு. மார்க்கை அந்த நாட்டுக் கணக்குக்கு மாற்றுவது பல்கலைக்கழகத்தின் வேலை, இல்லாவிட்டால் வெஸ் போன்ற மதிப்பீட்டு அமைப்பின் வேலை. மொழிபெயர்ப்பாளர் உங்கள் மேல் பிரியப்பட்டு இதைச் செய்தாலும், "வேண்டாம் சார்" என்று சொல்லி அழிக்கச் சொல்லுங்கள்.

சீலைப் படிக்கத் தெரியுமா?

நோட்டரி தேவை என்று முடிவாகிவிட்டால், கோர்ட் வளாகத்தில் ஏற்கெனவே சீல் குத்தி அடுக்கி வைத்திருக்கும் பத்திரத்தை வாங்கி வராதீர்கள். சத்தியம் செய்பவர் நேரில் வராமல் போடும் சீலுக்கு அர்த்தமே இல்லை. மொழிபெயர்ப்பாளரும் நோட்டரியும் ஒரே இடத்தில், ஒரே நாளில் இருந்திருக்க வேண்டும்.

நோட்டரி விதிகளின்படி, அவருடைய சீல் 5 செ.மீ விட்டமுள்ள வட்டம். அதில் அவர் பெயர், எந்தப் பகுதிக்கு நியமிக்கப்பட்டவர், 'நோட்டரி' என்ற சொல், நியமித்த அரசின் பெயர் ஆகியவை இருக்க வேண்டும். கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதி இருக்க வேண்டும். நோட்டரி ஒரு பதிவேடு வைத்திருப்பார், அதில் உங்கள் பத்திரத்தைப் பதிந்த எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். பின்னாளில் யாராவது "இது உண்மையா?" என்று கேட்டால், அந்த எண்ணை வைத்துத்தான் தேட முடியும். நோட்டரியின் தொழில் சான்றிதழ் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. பலர் தங்கள் முத்திரையிலேயே காலாவதித் தேதியைப் போட்டிருப்பார்கள், அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

மொழிபெயர்ப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் மொழிபெயர்ப்பாளர் கையெழுத்து இருப்பது நல்லது. பத்திரத்தோடு சேர்த்துத் தைத்த பக்கங்களை ஸ்கேன் பண்ணுவதற்காகப் பிரித்து, மறுபடி பின் அடிக்காதீர்கள். பிரித்த தடம் தெரிந்தால், இடையில் ஒரு பக்கத்தை மாற்றினீர்களோ என்று சந்தேகம் வரும்.

அப்போஸ்டில்... அது வேற கதை

"நோட்டரி போட்டாச்சு, அப்போஸ்டிலும் போட்டுடலாமா?" என்று அடுத்த குழப்பம் வரும். அப்போஸ்டில் என்பது நம்ம வெளியுறவு அமைச்சகம் ஒட்டித் தரும் சான்று. ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்து, 2005-லிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. "இந்த ஆவணத்தில் இருக்கும் கையெழுத்தும் முத்திரையும் உண்மையான அதிகாரியுடையது" என்பதுதான் அதன் பொருள். மொழிபெயர்ப்பு சரியா என்பது பற்றி அது ஒரு வார்த்தைகூடப் பேசாது. நோட்டரிக்கு மாற்றாக அப்போஸ்டிலோ, அப்போஸ்டிலுக்கு மாற்றாக நோட்டரியோ ஆகாது.

இரண்டையும் கேட்கும் நாடு என்றால் வரிசை முக்கியம். முதலில் ஒரிஜினலுக்கு அப்போஸ்டில், பிறகு மொழிபெயர்ப்பு. அப்போதுதான் அப்போஸ்டில் தாளில் உள்ள வாசகமும் சேர்த்து மொழிபெயர்க்கப்படும். தலைகீழாகச் செய்தால், மொழிபெயர்ப்புக்கு இரண்டாவது முறை காசு கொடுக்க வேண்டி வரும்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு செக்...

* இந்தக் காகிதத்தைக் கேட்டிருக்கிறார்களா? கேட்ட பக்கத்தைப் பிரின்ட் எடுத்து ஃபைலில் வையுங்கள். மொழிபெயர்ப்பாளருக்கும் நோட்டரிக்கும் அதைக் காட்டினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.
* ஆங்கிலம் ஏற்கெனவே இருக்கிறதா, இல்லாவிட்டால் கொடுத்த இடத்திலேயே ஆங்கிலத்தில் கிடைக்குமா?
* அவர்கள் கேட்டது எது? மொழிபெயர்ப்பாளரின் சான்று மட்டுமா, நோட்டரி முன் சத்தியமா, அந்த நாடு நியமித்த சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரா?
* மொழிபெயர்ப்பாளர் உறவுக்காரர் இல்லையே?
* பெயர், முத்திரை, மார்க் மூன்றையும் ஒரிஜினலைப் பக்கத்தில் வைத்து விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டாச்சா?

அஞ்சுக்கும் பதில் இருந்தால் தைரியமாக ஸ்கேனரை ஆன் பண்ணுங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும், அட்மிஷன் ஆபீஸுக்கோ விசா ஆபீஸுக்கோ ஒரு இ-மெயில் தட்டி, எழுத்தில் பதில் வாங்கிவிட்டு அப்புறம் நோட்டரியைத் தேடிப் போங்கள்.